ரிஸ்க் பாரிட்டி ஒதுக்கீடு தப்பாக வருகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சேலத்தில் ஷேர், ஃபண்ட் என்று பேசுகிற கூட்டத்தில் ரிஸ்க் பாரிட்டி பற்றிக் கேட்காதவர்கள் இப்போது குறைவு. பணத்தைச் சமமாகப் பிரிக்காமல் ரிஸ்க்கைச் சமமாகப் பிரிப்பது என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஷீட் போட்டு முடித்த பிறகுதான் சிக்கல் வருகிறது. எண்கள் வந்துவிடும், கூட்டினால் நூறும் வரும், ஆனால் ரிஸ்க் சமமாக இருக்காது. அது சமமாக இல்லை என்று ஷீட்டும் சொல்லாது.

செவ்வாய்ப்பேட்டையில் சொந்தமாகக் கொலுசுப் பட்டறை நடத்தும் அண்ணன் ஒருவருக்காக நான் போட்ட கணக்கையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் நான்கு வகை முதலீடு: நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட், கோல்ட் இடிஎஃப், சில்வர் இடிஎஃப், அரசுப் பத்திரங்களில் போடும் கில்ட் ஃபண்ட். மொத்தம் 40 லட்சம். கணக்கு எளிதாக இருக்க, வருடாந்திர ஏற்ற இறக்கத்தை நிஃப்டிக்கு 16%, தங்கத்துக்கு 14%, வெள்ளிக்கு 26%, கில்ட்டுக்கு 4% என்று முழு எண்களாக வைத்திருக்கிறேன். இரண்டு முதலீடு எந்த அளவுக்குச் சேர்ந்து நகர்கின்றன என்பதைச் சொல்லும் எண் ஒட்டுறவு. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் அது 0.8, நிஃப்டிக்கும் வெள்ளிக்கும் 0.2, நிஃப்டிக்கும் கில்ட்டுக்கும் 0.1, மற்ற ஜோடிகளுக்கு 0. உங்கள் தரவில் எண்கள் வேறாக இருக்கும், கோளாறுகள் இவையேதான்.

எதற்கும் முன்னால்: ரிஸ்க் பங்கைப் பாருங்கள்

ஒதுக்கீடு சரியா என்பதை ஒதுக்கீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முதலீடும் மொத்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு தருகிறது என்று தனியாகக் கணக்கிட வேண்டும். இரண்டு முதலீட்டின் ஏற்ற இறக்கங்களையும் அவற்றின் ஒட்டுறவையும் பெருக்கினால் வருவது கோவேரியன்ஸ், ஏற்ற இறக்கத்தின் வர்க்கம் வேரியன்ஸ். ஒரு முதலீட்டின் ஒதுக்கீட்டை, அந்த முதலீட்டுக்கும் மொத்த போர்ட்ஃபோலியோவுக்கும் உள்ள கோவேரியன்ஸால் பெருக்கி, போர்ட்ஃபோலியோவின் வேரியன்ஸால் வகுத்தால் அதன் ரிஸ்க் பங்கு கிடைக்கும். எல்லாப் பங்குகளையும் கூட்டினால் சரியாக 1 வரும். நான்கு முதலீடு என்றால் ஒவ்வொன்றும் 25% ஆக இருக்க வேண்டும்.

```python
import numpy as np
vol = np.array([16, 14, 26, 4]) / 100
R = np.array([[1, 0, .2, .1],
              [0, 1, .8, 0],
              [.2, .8, 1, 0],
              [.1, 0, 0, 1]])
S = R * np.outer(vol, vol)

def share(w, S):
    return w * (S @ w) / (w @ S @ w)
```

எக்செல்லில் ஒதுக்கீடு `B2:B5`-இலும் கோவேரியன்ஸ் அட்டவணை `D2:G5`-இலும் இருந்தால் `=B2:B5*MMULT(D2:G5,B2:B5)` என்று போட்டு, வருகிற நான்கு எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். பழைய எக்செல் என்றால் நான்கு கட்டங்களையும் தேர்ந்தெடுத்து `Ctrl+Shift+Enter` அழுத்த வேண்டும்.

முதலில் நான்கிலும் 25% பணம் போட்டு இதை ஓட்டிப் பாருங்கள். நிஃப்டி 18.1%, தங்கம் 25.6%, வெள்ளி 55.1%, கில்ட் 1.2% என்று வரும். மொத்த ஏற்ற இறக்கம் 10.9%. பணம் சமமாகப் பிரிந்திருக்கிறது, ஆனால் ரிஸ்க்கில் பாதிக்கு மேல் வெள்ளி ஒன்றே எடுத்துக்கொண்டது. இந்த நான்கு எண்கள் உங்களுக்கு வராவிட்டால் சோதனைச் சூத்திரமே தப்பு. அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

அறிகுறி 1: ஒதுக்கீடு நியாயமாகத் தெரிகிறது, ரிஸ்க் பங்கு 25% வரவில்லை

அண்ணனின் மகன் காலேஜில் படிக்கிறான். அவன் போட்ட முதல் ஷீட்டில் இதுதான் இருந்தது. நிஃப்டி 14.8%, தங்கம் 16.9%, வெள்ளி 9.1%, கில்ட் 59.2%. அதிகம் ஆடுவதில் குறைவாகவும் குறைவாக ஆடுவதில் அதிகமாகவும் பணம் இருக்கிறது. பார்த்தவுடன் சரியென்றுதான் தோன்றும். ரிஸ்க் பங்கைக் கணக்கிட்டால் நிஃப்டி 21.0%, தங்கம் 29.0%, வெள்ளி 32.3%, கில்ட் 17.7%. இரண்டு உலோகமும் சேர்ந்து 61% ரிஸ்க்கை எடுத்துக்கொண்டுவிட்டன.

காரணம், அவன் ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கத்தையும் தலைகீழாக்கி, அந்த விகிதத்தில் பணத்தைப் பிரித்திருக்கிறான். இதில் ஒட்டுறவு கணக்கிலேயே வரவில்லை. தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் ஒரே திசையில் நகர்கிறவை. ஒன்று விழும்போது மற்றொன்றும் கூட விழுகிறது. இந்த முறை அவற்றை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருளாக நினைத்து, ஆளுக்கொரு முழுப் பங்கைக் கொடுத்துவிடுகிறது.

இந்தத் தப்பு இவ்வளவு பரவலாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டே முதலீடு இருக்கும்போது இந்தக் குறுக்குவழி துல்லியமாகச் சரியான விடையைத் தரும், ஒட்டுறவு எவ்வளவாக இருந்தாலும் சரி. இரண்டுக்கும் இடையேயான கோவேரியன்ஸ் பகுதி இருவர் கணக்கிலும் ஒரே அளவில் ஏறுவதால், சமன் செய்ய வேண்டியது தனித்தனி ஏற்ற இறக்கத்தை மட்டும்தான். பாடம் சொல்கிறவர்கள் ஷேர், பத்திரம் என்று இரண்டை வைத்தே விளக்குவார்கள். கணக்கு அச்சாகப் பொருந்தும். மூன்றாவது முதலீடு வந்ததும் எல்லா ஜோடிக்கும் ஒட்டுறவு ஒரே அளவாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும். நிஜத்தில் அப்படி இருக்காது.

சரியான விடைக்குச் சூத்திரம் கிடையாது, படிப்படியாக நெருங்கித்தான் போக வேண்டும். அதற்கு மிக எளிய வழி இது. மற்ற முதலீடுகளை அப்படியே நிறுத்திவைத்து, ஒன்றை மட்டும் அதன் பங்களிப்பு 1 ஆகும்படி மாற்றுவது. அது ஒரு இருபடிச் சமன்பாடு, பத்தாம் வகுப்புக் கணக்குதான். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று சுற்றிச் சுற்றி வந்தால் எண்கள் நிலைத்துவிடும். கடைசியில் கூட்டுத்தொகையால் வகுத்து நூறாக்கிக்கொள்ளலாம்.

```python
def erc(S, tol=1e-10):
    y = 1 / np.sqrt(np.diag(S))
    for _ in range(1000):
        old = y.copy()
        for i in range(len(S)):
            b = S[i] @ y - S[i, i] * y[i]
            y[i] = (-b + np.sqrt(b*b + 4*S[i, i])) / (2*S[i, i])
        if np.max(np.abs(y/old - 1)) < tol:
            break
    return y / y.sum()
```

நம் எண்களைக் கொடுத்தால் நிஃப்டி 14.8%, தங்கம் 14.5%, வெள்ளி 7.0%, கில்ட் 63.7% வரும். நான்கின் ரிஸ்க் பங்கும் 25%. மொத்த ஏற்ற இறக்கம் 5.3%. மகனின் ஷீட்டோடு ஒப்பிட்டால் நிஃப்டி நகரவே இல்லை. தங்கத்திலும் வெள்ளியிலும் சேர்த்துச் சுமார் நாலரை சதவீதம் குறைந்து கில்ட்டுக்குப் போயிருக்கிறது. 40 லட்சத்தில் அது ஏறக்குறைய 1.8 லட்சம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இப்போதும் உலோகத்தின் ரிஸ்க் மொத்தம் 50%. நான்கு பெயரில் இரண்டு உலோகமாக இருப்பதால் அப்படி. பிளாட்டினத்தையும் சேர்த்தால் அது ஐந்தில் மூன்றாகிவிடும். உலோகத்தை ஒரே வகையாக நினைக்கிறீர்கள் என்றால் நிஃப்டி, கில்ட், உலோகம் என்று மூன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வைத்து, உலோகத்தின் பங்கைத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் பாதிப் பாதியாகக் கொடுக்கலாம். மேலே `4*S[i, i]` என்ற இடத்தில் `4*c[i]*S[i, i]` என்று மாற்றி, `c`-யில் அந்தப் பங்குகளைக் கொடுத்தால் போதும். எதை எத்தனை வகையாக எண்ணுகிறோம் என்ற முடிவைக் கணிதம் நமக்காக எடுக்காது.

அறிகுறி 2: Solver ‘வெற்றி’ என்கிறது, விடை 25, 25, 25, 25

மேலே சொன்ன வழியை விட்டுவிட்டு, பலர் தானாக விடை தேடும் Solver ஆன `scipy`-யின் `minimize`-ஐ `SLSQP` முறையில் ஓட்டுகிறார்கள். ரிஸ்க் பங்களிப்புகளுக்கும் அவற்றின் சராசரிக்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கத்தைக் கூட்டி, அதைக் குறைக்கச் சொல்வது. யோசனையில் தப்பில்லை. ஆனால் அது ஒன்று அல்லது இரண்டு சுற்றில் நின்றுவிடும், `success: True` என்று காட்டும், விடையாக நீங்கள் கொடுத்த ஆரம்ப எண்களையே திருப்பித் தரும்.

கோளாறு எண்களின் அளவில் இருக்கிறது. தினசரித் தரவு, அதுவும் சதவீதமாக இல்லாமல் தசமமாக. சம ஒதுக்கீட்டில் வருடாந்திர வேரியன்ஸ் சுமார் 0.0119. அதை 252 வணிக நாட்களால் வகுத்தால் 0.000047. அதன் பகுதிகளுக்கும் அவற்றின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால் நம் உதாரணத்தில் 0.00000000034 அளவுக்குத்தான் வருகிறது. எப்போது நிற்பது என்று சொல்லும் எல்லைதான் `ftol`, `SLSQP`-க்கு அதன் இயல்பு மதிப்பு 0.000001. அதாவது, நீங்கள் குறைக்கச் சொன்ன எண் ஆரம்பத்திலேயே அந்த எல்லைக்கு மூவாயிரம் மடங்கு கீழே இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது என்று அது நம்புவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. ஆரம்ப எண்களை 40, 30, 20, 10 என்று மாற்றி ஓட்டுங்கள். விடையும் 40, 30, 20, 10 என்றே வந்தால் இதே கோளாறுதான். `ftol`-ஐ மட்டும் 1e-15 என்று இறக்கினால் சில சமயம் சரியாகும், சில சமயம் பாதி வழியில் நிற்கும். வேரியன்ஸ் அளவில் வித்தியாசம் எடுக்காமல், மேலே உள்ள `share` தருகிற பங்குக்கும் 0.25-க்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கச் சொல்வதுதான் சரியான வழி. பங்கு என்பது விகிதம் என்பதால் தினசரித் தரவோ வருடாந்திரத் தரவோ ஒரே எண்தான் வரும். சம ஒதுக்கீட்டில் அந்தக் கூட்டுத்தொகை 0.15. அது Solver கண்ணுக்குத் தெரிகிற அளவு.

விடையில் மைனஸ் எண் வந்தால் எல்லையைக் கொடுக்க மறந்திருக்கிறீர்கள். மைனஸை அனுமதித்தால் ரிஸ்க் பங்கு சமமாக வரும் விடைகள் பல உண்டு. எல்லா ஒதுக்கீடும் பூஜ்யத்துக்கு மேல் என்று கட்டுப்படுத்தினால் ஒன்றே ஒன்றுதான். என் பழக்கத்தைக் கேட்டால் நான் Solver பக்கமே போவதில்லை. மேலே உள்ள சின்ன நிரல் போதும், அதில் மைனஸ் வர வழியே இல்லை.

அறிகுறி 3: ஒன்றே எல்லாப் பணத்தையும் விழுங்குகிறது

ஏற்காட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் சேலத்தில் நிறைய. சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நிலத்துக்குச் சந்தை விலை தினமும் கிடைக்காது என்பதால் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பையோ, தரகர் எப்போதாவது சொல்லும் விலையையோ போடுவார்கள். அந்த எண் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் அசையாது. ஏற்ற இறக்கம் 0.5% என்று வந்தது, மற்றவற்றோடு ஒட்டுறவு 0 என்று வைப்போம். ஐந்து முதலீட்டில் நிலத்துக்கு மட்டும் 84% ஒதுக்கச் சொல்லும். மொத்த ஏற்ற இறக்கம் 0.94% என்று அற்புதமாகக் காட்டும். ரிஸ்க் பங்கு ஐந்துக்கும் சரியாக 20% இருக்கும். சோதனை தேறிவிடும், விடை குப்பை.

நிலம் ஆடாமல் இல்லை, யாரும் அளக்கவில்லை. காப்பி விலை சரிந்த வருடத்தில் விற்கப் போனால்தான் அந்த ஆட்டம் தெரியும். விலை தினமும் புதுப்பிக்கப்படாத எதுவும் இந்தக் கணக்கில் தன்னைச் சாதுவாகக் காட்டிக்கொள்ளும். பட்டியலிடப்படாத கம்பெனிப் பங்கும், எல்ஐசி பாலிசியின் சரண்டர் மதிப்பும் இதே ரகம். நான் நிலத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவேன். ஏற்ற இறக்கத்தை உத்தேசமாக உயர்த்திப் போடலாம்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒதுக்கீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்றால் கால் ஏக்கரை விற்று கோல்ட் இடிஎஃப் வாங்க முடியுமா?

லிக்விட் ஃபண்ட் விஷயம் வேறு. அதன் விலை தினமும் வருகிறது, உண்மையிலேயே ஆடாது. 0.3% ஏற்ற இறக்கத்தோடு சேர்த்தால் 90% பணத்தைக் கேட்கும். கணக்கில் பிழையில்லை. ஆடாத ஒன்றிடம் சமமான ஆட்டத்தை எதிர்பார்த்தால் அது அவ்வளவு பணம் கேட்கத்தான் செய்யும். அதை ரிஸ்க் கணக்குக்கு வெளியே ரொக்கமாக வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தை மட்டும் பிரியுங்கள்.

கில்ட் 63.7% வருவதே அதிகம், வருமானம் குறைந்துவிடுமே என்ற புகாரும் வரும். நியாயமான கவலைதான், ஆனால் அது கோளாறு இல்லை. இந்தக் கணக்கு எதிர்பார்க்கும் வருமானத்தை எங்கேயும் கேட்பதில்லை. அமெரிக்காவில் இந்த முறையில் பணம் நடத்தும் பெரிய ஃபண்டுகள், பத்திரப் பகுதியைக் கடனாலும் ஃபியூச்சர்ஸாலும் பெருக்கி வருமானத்தை ஏற்றுகிறார்கள். வீட்டுக் கணக்கில் அது வேண்டாம்.

அறிகுறி 4: வெள்ளி காணாமல் போகிறது, அல்லது தங்கமும் வெள்ளியும் உறவே இல்லாததுபோல் காட்டுகிறது

வெள்ளிக்கு 0.01% என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, கோவேரியன்ஸை விலையில் எடுத்தீர்களா, விலை மாற்றத்தின் சதவீதத்தில் எடுத்தீர்களா என்பது. வெள்ளியைக் கிலோவுக்கும் தங்கத்தைக் கிராமுக்கும் விலை போட்டிருப்பார்கள். கிலோ விலை ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் நகரும், கில்ட் ஃபண்டின் என்ஏவி பைசாக்களில் நகரும். நேராக விலையை வைத்தால் வெள்ளி அசுரன் மாதிரி தெரியும். `prices.pct_change()` போட்டுவிட்டு அப்புறம் கோவேரியன்ஸ் எடுங்கள். சதவீதத்தில் கிலோ, கிராம் எல்லாம் ஒன்றுதான்.

இரண்டாவது ரகம் கொஞ்சம் நுணுக்கம். தங்கம், வெள்ளி ஒட்டுறவு 0.3 அல்லது 0.4 என்று வந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் நேரம் ஒத்துப்போகாததுதான் காரணம். ஒன்றுக்கு உள்ளூர்க் கடை காலையில் அறிவிக்கும் விலை, இன்னொன்றுக்குக் கமாடிட்டிச் சந்தையான எம்சிஎக்ஸ் ராத்திரி முடியும் விலை, நிஃப்டிக்கு மாலை 3:30. தங்கம் சாயங்காலம் விழுந்தது ஒரு வரிசையில் இன்றைய தேதியிலும் மற்றொன்றில் நாளைய தேதியிலும் பதிவாகும். ஒட்டுறவு பாதியாகத் தெரியும், கணக்கு உலோகத்துக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிடும். வாராந்திர மாற்றத்தில் ஒட்டுறவை எடுத்துப் பாருங்கள். தினசரியில் 0.4, வாரத்தில் 0.75 என்று வந்தால் நேரக் கோளாறுதான், வாரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு மாற்ற 252-க்குப் பதில் 52-ஆல் பெருக்க மறக்க வேண்டாம். ஒன்றை வாரத்திலும் இன்னொன்றை நாளிலும் வைத்து எல்லாவற்றையும் 252-ஆல் பெருக்கிய ஷீட்டுகள் நிறைய உலவுகின்றன.

சில்வர் இடிஎஃப் இந்தியாவில் 2022 தொடக்கத்தில்தான் வந்தது. மற்ற மூன்றுக்கும் பத்து வருடத் தரவு இருக்கும். `pandas`-இன் `cov()` இதைப் பற்றி எதுவும் சொல்லாமல், ஒவ்வொரு ஜோடிக்கும் கிடைத்த நாட்களை வைத்து வேறு வேறு காலத்தைக் கலந்துவிடும். நிஃப்டியின் ஏற்ற இறக்கத்தில் 2020 மார்ச் இருக்கும், வெள்ளியில் இருக்காது. வெள்ளி பாதுகாப்பானதுபோல் தெரியும். `dropna()` முதலில், `cov()` பிறகு. கணக்கில் `nan` வந்தாலும் முதல் சந்தேகம் இங்கேதான். இப்படிக் கலந்த அட்டவணை சில சமயம் மைனஸ் வேரியன்ஸ் தரும், அதற்கு வர்க்கமூலம் எடுக்க முடியாது.

2024 ஜூலை 23-ஐ மட்டும் நீக்கிவிடாதீர்கள். அன்று பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி மீதான இறக்குமதி வரி 15%-இலிருந்து 6% ஆகக் குறைந்தது, உள்ளூர் விலை ஒரே நாளில் சரிந்தது. வரைபடத்தில் தரவுப் பிழை மாதிரி தெரியும். அது பிழை இல்லை. இந்தியாவில் உலோகம் வைத்திருப்பவருக்கு இருக்கிற நிஜமான ரிஸ்க்.

அறிகுறி 5: போட்ட அன்று 25%, மூன்று மாதம் கழித்து இல்லை

இது நடக்கத்தான் செய்யும். சமம் என்பது நீங்கள் கொடுத்த கோவேரியன்ஸுக்குச் சமம், அது போன காலத்தின் எண். கேள்வி, எது மாறினால் எவ்வளவு விலகும் என்பது. நம் ஒதுக்கீட்டை அப்படியே வைத்து இரண்டு சோதனை செய்து பார்த்தேன். தங்கம், வெள்ளி ஒட்டுறவை 0.8-இலிருந்து 0.9 ஆக்கினால் இரண்டின் ரிஸ்க் பங்கும் 25.6% ஆகிறது, அவ்வளவுதான். வெள்ளியின் ஏற்ற இறக்கத்தை 26%-இலிருந்து 36% ஆக்கினால் வெள்ளி 33.7%, தங்கம் 24.0%, நிஃப்டி 21.6%, கில்ட் 20.7%.

ஆகவே மாதாமாதம் ஒட்டுறவைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். வெள்ளி பத்து வருடத்தில் சராசரியாக எவ்வளவு ஆடியது என்பதைவிடக் கடந்த ஒரு வருடத்தில் எவ்வளவு ஆடியது என்பது இந்தக் கணக்குக்கு உதவும். ஏற்ற இறக்கத்தை அண்மைத் தரவிலும் ஒட்டுறவை நீண்ட தரவிலும் எடுத்து இரண்டையும் பெருக்கி அட்டவணை அமைப்பது நல்ல வழி. அதற்காகத்தான் மேலே `vol`, `R` என்று தனித்தனியாக வைத்தேன். ஏதாவது ஒன்று 20%-க்குக் கீழோ 30%-க்கு மேலோ போனால் மட்டும் கை வைக்கிறேன். அதற்குள் விலகினால் விட்டுவிடலாம். விற்றால் வரி வரும், 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கில்ட் ஃபண்டில் வரும் லாபத்துக்கு உங்கள் வருமான வரி விகிதமே பிடிக்கும்.

அறிகுறி 6: ஷீட்டில் எல்லாம் சமம், வெள்ளி விழுந்தால் மட்டும் தூக்கம் போகிறது

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்து இதுதான் அதிகம் நடப்பது, எந்த நிரலும் இதைக் கண்டுபிடிக்காது. அண்ணனின் 40 லட்சத்தில் வெள்ளி 7%, அதாவது 2.8 லட்சம். ஆனால் பட்டறையில் கட்டி வெள்ளியாகவும், பாதி முடிந்த கொலுசாகவும், விற்காத சரக்காகவும் அவருடைய சொந்த வெள்ளி எப்போதும் கிட்டத்தட்ட 12 லட்சத்துக்கு இருக்கிறது. அதையும் சேர்த்து 52 லட்சத்துக்கு `share` ஓட்டினால் வெள்ளியின் ரிஸ்க் பங்கு 75%. தங்கம் 13%, நிஃப்டி 7%, கில்ட் 5%. ஷீட்டில் இருந்த சமம் அவர் குடும்பத்துக்கு இல்லவே இல்லை.

இதற்கு என்ன செய்யலாம்? பட்டறைச் சரக்கை விற்கச் சொல்ல முடியாது, அதுதான் பிழைப்பு. வெள்ளியை 12 லட்சம் என்று நிலையாக வைத்து, சில்வர் இடிஎஃப்பை முழுக்க எடுத்துவிட்டு, 40 லட்சத்தையும் மற்ற மூன்றுக்கும் அவற்றுக்குள் ரிஸ்க் பங்கு சமமாகும்படி பிரித்தேன். நிரலில் வெள்ளியின் `y`-ஐ மாற்றாமல் விட்டு, மற்ற மூன்றின் பங்களிப்பு இலக்கை ஏற்றி இறக்கி, கூட்டுத்தொகை 40 லட்சம் ஆகும் இடத்தில் நிறுத்த வேண்டும். நிஃப்டி 5.9 லட்சம், தங்கம் 3.75 லட்சம், கில்ட் சுமார் 30.35 லட்சம் என்று வந்தது. தங்கம் பாதியாகக் குறையாவிட்டாலும் 5.8 லட்சத்திலிருந்து நன்றாக இறங்கியதைப் பாருங்கள். வெள்ளியோடு அது ஒட்டிக்கொண்டிருப்பதால் வந்த விளைவு. வெள்ளி இப்போதும் 71%, மற்ற மூன்றும் ஆளுக்கு 9.7%. பணத்தில் 23% மட்டுமே வெள்ளி, ரிஸ்க்கில் 71%.

இதற்குக் கீழே இறக்க வேண்டுமென்றால் ஒதுக்கீட்டில் செய்ய ஒன்றுமில்லை, பட்டறைப் பக்கம்தான் போக வேண்டும். எம்சிஎக்ஸ்ஸில் சரக்கின் ஒரு பகுதிக்கு வெள்ளி ஃபியூச்சர்ஸை விற்று வைப்பது ஒரு வழி. மார்ஜின் பணத்தைத் தனியாக ஒதுக்க முடிகிறவர்களுக்குத்தான் அது. விலை ஏறும் வாரத்தில் தினமும் மார்ஜின் கேட்கும், பட்டறைச் சரக்கோ உடனே பணமாகாது. இன்னொரு வழி கணக்கைச் சரியாகப் போடுவது. வியாபாரி கொடுத்த வெள்ளியில் கூலிக்குச் செய்கிற கொலுசின் விலை ரிஸ்க் வியாபாரியுடையது, பட்டறைக்காரருடையது இல்லை. அண்ணன் முதலில் சொன்ன சரக்கில் அதுவும் கலந்திருந்தது. அதைப் பிரித்த பிறகுதான் 12 லட்சம் என்ற எண்ணே வந்தது. `share`-இல் போடுவதற்கு முன் சரக்கு நோட்டைத் திறந்து சொந்த வெள்ளி, கூலி வெள்ளி என்று இரண்டு பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள்.